கூடுதல் 8 வர எத்தனை வழி? கூறுவெளியை எழுதிச் சரிபார்க்கும்போது நேரும் தவறுகள்

காரைக்குடியில் மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் அன்று ஒரு கணக்குக் கொடுப்பேன்: இரண்டு பகடைகளை உருட்டினால் முக மதிப்புகளின் கூடுதல் 8 ஆக இருக்க நிகழ்தகவு என்ன? சரியான விடை 5/36. ஆனால் 1/11, 1/7, 1/12, 1/6 என்று நாலு தவறான விடைகளும் வந்துவிடும். "சரிபார்த்தாயா?" என்று கேட்டால், "பார்த்துட்டேன் சார், எழுதியே பார்த்தேன்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, எழுதியிருப்பார்கள். எழுதிய விதத்தில்தான் கோளாறு.

1/11 எழுதும் பிள்ளை 2 முதல் 12 வரை பதினொரு கூடுதல்களை வரிசையாகப் போட்டு, அதில் 8 ஒன்று என்கிறது. பகடைகள் விழக்கூடிய எல்லா விதங்களையும் எழுதிய கூறுவெளி இல்லை அது, விடைகளின் பட்டியல். 12 வர இரண்டிலும் 6 விழுந்தே ஆக வேண்டும். 7 வர அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, முதல் பகடையில் எது விழுந்தாலும் இரண்டாவது அதைச் சரிக்கட்ட முடியும். இரண்டையும் சம வாய்ப்பாக எண்ண முடியாது.

1/7 கொஞ்சம் நுட்பமான தவறு. 3-ம் 5-ம் விழுந்தால் என்ன, 5-ம் 3-ம் விழுந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று சேர்த்துவிட்டால் மொத்தம் 21 சோடிகள்தான் வரும். 8 தருபவை மூன்று. 3/21, அதாவது 1/7. இதில் சறுக்கியதற்காக எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டாம். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே, இரண்டு பகடையில் 11 விழுவதும் 12 விழுவதும் சம வாய்ப்பு என்று நினைத்தார். 5-ம் 6-ம், 6-ம் 6-ம் என்று ஒவ்வொரு வழியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு பகடைக்குச் சிவப்பு, ஒன்றுக்கு வெள்ளை பூசிப் பாருங்கள். சிவப்பில் 5 வெள்ளையில் 6 ஒரு நிகழ்வு, சிவப்பில் 6 வெள்ளையில் 5 வேறு நிகழ்வு. சாயத்தைத் துடைத்துவிட்டால் நம் கண்ணுக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பகடைகள் விழுகிற விதம் மாறாது. ஆகவே 11-க்கு 2/36, 12-க்கு 1/36.

1/12 தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் விடை. இங்கே பிள்ளைக்கு மொத்த விளைவுகளின் எண்ணிக்கை n(S) = 36 என்பது மனப்பாடம். சாதகமானவற்றை மட்டும் எழுதுகிறது: (2,6), (3,5), (4,4). மூன்று. 3/36. கீழே வரிசையைப் பார்த்து எண்ணிய 36, மேலே வரிசையைப் பாராமல் எண்ணிய 3. சாதகமானவற்றை மட்டும் எழுதிச் சரிபார்த்தால் இந்தத் தவறு சிக்கவே சிக்காது, எத்தனை முறை எழுதினாலும் அதே மூன்றுதான் வரும். முழுவதையும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். எல்லாச் சோடியையும் இதே பழக்கத்தில் எழுதினால் 21-ல் நின்றுவிடும், 36 வராது. அப்போதே தெரிந்துவிடும்.

இதைத் திருத்தப் போய் 1/6-ல் விழுபவர்களும் உண்டு. எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும் என்று (4,4)-ஐயும் இரண்டு தடவை எழுதிவிடுவார்கள். புரட்டினாலும் அது அதே (4,4) தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு வசதியான இடம் ஒன்று இருக்கிறது, வீட்டுத் தரை. சதுரம் சதுரமாகப் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆறுக்கு ஆறு கட்டம் எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் சிவப்புப் பகடையின் எண்களையும் மேலே வெள்ளைப் பகடையின் எண்களையும் சாக்பீசால் எழுதச் சொல்வேன். ஒவ்வொரு கல்லிலும் கூடுதல்:

```
     1  2  3  4  5  6
1    2  3  4  5  6  7
2    3  4  5  6  7  8
3    4  5  6  7  8  9
4    5  6  7  8  9 10
5    6  7  8  9 10 11
6    7  8  9 10 11 12
```

8 இருக்கும் கல்லில் எல்லாம் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். ஐந்து கொட்டைகள், சாய்ந்த ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று விட்டுப்போனால் வரிசையில் ஓட்டை தெரியும். (4,4)-க்கு ஒரே ஒரு கல்தான் இருப்பதால் இரண்டு தடவை எண்ண வழியே இல்லை. கூடுதல் 2-க்கு 1, 3-க்கு 2 என்று ஏறி, 7-ல் 6 ஆகி, மறுபடி இறங்கி 12-க்கு 1. எல்லாம் சேர்த்தால் 36 வர வேண்டும்.

இதே தரையில் இன்னொரு கணக்கும் தெளிவாகும். கூடுதல் 8 அல்லது இரண்டிலும் ஒரே எண் விழ நிகழ்தகவு என்ன? 5-ம் 6-ம் 11 என்று கூட்டி 11/36 எழுதுவார்கள். ஒரே எண் விழும் கற்கள் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போகும். அந்த வரிசை 8-ன் வரிசையை (4,4)-ல் வெட்டுகிறது, அங்கே கொட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 10 கற்கள், 10/36, அதாவது 5/18. கேள்வியை 7 என்று மாற்றுங்கள். இப்போது இரண்டு வரிசைகளும் எந்தக் கல்லிலும் சந்திப்பதில்லை, கற்களின் மூலையில்தான் குறுக்கிடுகின்றன. இரண்டு ஒரே எண்களைக் கூட்டினால் ஒற்றைப்படை வராதே! அதனால் கழிக்க ஒன்றுமில்லை, 12/36.

அப்புறம் தாயக்கட்டையை எடுப்போம். பழைய வீடுகளில் பித்தளையில் இருக்கும், நான்கு பக்கக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. 1 விழுந்தால் தாயம். எங்கள் வீட்டில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டபோது, ஒரு பையன் சட்டென்று 4/7 என்றான். விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு, அதில் நான்கு. பாதிக்கு மேலே! பக்கத்தில் இருந்த என் அப்பத்தா, "அவ்வளவு சுலபமா விழுந்தா ஆட்டம் எப்பவோ முடிஞ்சிருக்குமேப்பா" என்றார்கள்.

நாலுக்கு நாலு, 16 கற்கள். தாயத்துக்கு (0,1), (1,0). ஐந்துக்கு (2,3), (3,2). ஆறுக்கு (3,3). பன்னிரண்டுக்கு (0,0). மொத்தம் 6, ஆகவே 6/16 = 3/8. மீதியையும் எழுதிப் பார்த்தோம்: 2-க்கு மூன்று, 3-க்கு நான்கு, 4-க்கு மூன்று, ஆகப் பத்து. ஆறும் பத்தும் பதினாறு, சரி.

இந்த முறை கண்டுபிடிக்க முடியாத தவறும் உண்டு. 16 கட்டங்களும் சம வாய்ப்பு என்பது கட்டையின் நான்கு பக்கமும் ஒரே மாதிரி விழும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கையால் செய்த பழைய கட்டை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கலாம். ஒரே கட்டையை 100 தடவை உருட்டிக் கோடு போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 25-ஐ ஒட்டி விழுந்தால் கவலை இல்லை. வெறுமை மட்டும் 40 தடவை விழுந்தால் கட்டையைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கட்டைகளும் அப்படியே என்றால் 12 விழும் வாய்ப்பு 1/16 இல்லை, 0.4 × 0.4 = 0.16, இரண்டு மடங்குக்கும் மேல். தரையில் கட்டங்கள் அதே பதினாறுதான், ஆனால் இனி அவற்றைத் தலைக்கு ஒன்று என்று எண்ண முடியாது. ஒவ்வொன்றுக்கும் அதன் பெருக்குத்தொகையைப் போட்டுத்தான் கூட்ட வேண்டும்.