கண்மையைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதி ஒட்டி வையுங்கள்

எங்கள் மண்டபம் ஊரில் சித்திரை வெயில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே கண்மையை உருக்கிவிடும். போன வருஷம் என் நாத்தனார் கண்மைக் குச்சியை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் முனையில் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பிறகு அது இறுகிப் பொடிபொடியாக உதிர, அதையே தீட்டிக்கொண்டாள். மறுநாள் இமையோரம் சிவந்து ஒரே அரிப்பு.

அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி, திறக்காத பொருளுக்குத்தான். திறந்த பிறகு வேறு கணக்கு. மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6M, 12M என்று இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம். அதனால் திறந்த அன்றே தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். 6M போட்ட மையை மாசியில் திறந்தால் ஆவணியோடு சரி. கண்ணைத் தொடும் பொருள் என்பதால், மையை நான் மூன்று நான்கு மாதத்திலேயே தூக்கிப் போட்டுவிடுவேன். சீவும் பென்சில் என்றால் ஒவ்வொரு முறையும் லேசாகச் சீவிவிட்டுத் தீட்டுங்கள். காய்ந்துவிட்டதென்று எச்சில் தொட்டு மட்டும் தீட்டாதீர்கள், கிருமி அதோடு உள்ளே போகும்.

ஃபவுண்டேஷனைக் குலுக்கியும் எண்ணெய் தனியாக நின்றாலோ, பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ முகத்தில் வைக்காதீர்கள். கிரீமை ஈரக் கையால் எடுக்காமல் சிறு கரண்டியால் எடுங்கள். எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில், ஜன்னலும் குளியலறையும் இல்லாத பக்கம், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும்.