ஒரே கொக்கட்டிச்சோலை, மூன்று எழுத்துக்கூட்டு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்து ஒரு பட்டியல் செய்து பாருங்கள். கொக்கட்டிச்சோலை, போரதீவு, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கொம்பும் அரவும் சேர்ந்த எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். பட்டியலை ரைப் பண்ணியவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் கொஞ்ச நாளில் ஒரு முறைப்பாடு வரும்: "பெயர் கண்ணுக்கு முன்னால இருக்கு, தேடினா இல்லையாம்."

எழுத்துப் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்ப வாசிப்பதில் பயனில்லை. பிழை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை.

கணினிக்குள் யூனிகோடு எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை, எண்களின் வரிசையைத்தான் சேமிக்கிறது. முதலில் மெய்யின் எண், அதன் பின்னால் உயிர்க்குறியின் எண். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிந்தாலும் சேமிப்பில் க முதலில், கொம்பு பிறகு. இடம் மாற்றிக் காட்டுவது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. இதுவரை குழப்பமில்லை. குழப்பம் 'கொ'வில் தொடங்குகிறது. கொம்பும் அரவும் சேர்ந்த ொ குறிக்கு U+0BCA என்று தனி எண் ஒன்று உண்டு. அதே வேளை கொம்புக்கு U+0BC6 என்றும் அரவுக்கு U+0BBE என்றும் வேறு வேறு எண்கள் இருக்கின்றன. ஆகவே 'கொ'வை க, ொ என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம், க, கொம்பு, அரவு என்று மூன்றாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் அந்த விதியைப் பார்க்காமல், எண்ணுக்கு எண் ஒப்பிடுகிற மென்பொருள்தான் அதிகம். அதற்கு இவை வேறு வேறு சொற்கள்.

இப்போது கொக்கட்டிச்சோலையை மூன்று பேர் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஒலி முறையில், அல்லது தமிழ்99 முறையில் அடிக்கிறார். விசைப்பலகை ொ, ோ இரண்டையும் தனிக் குறிகளாகவே தருகிறது. சொல்லின் நீளம் 15 எண்கள்.

இரண்டாமவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர். அங்கே `nfh` என்று அடித்தால் கொ: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கை பழகிய அதே வரிசையில் யூனிகோடில் அடிக்க விடும் மென்பொருள்களும், பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. நல்லவை கொம்பைக் க-வுக்குப் பின்னால் தள்ளி, அரவு வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அரைகுறையானவை தள்ளுவதோடு நிறுத்திவிடும். ொ, ோ இரண்டும் பிளந்தே நிற்கும். நீளம் 17.

மூன்றாமவரின் கதைதான் மோசம். அவசரத்தில் 'காக்கட்டிச்சோலை' என்று அடித்துவிட்டார். கண்டதும் திரும்பிப் போய் கொம்பைச் செருகுகிறார். பெரும்பாலான இடங்களில் கர்சர் க-வுக்கும் அரவுக்கும் நடுவே நிற்காது, 'கா'வுக்கு முன்னால் அல்லது பின்னால்தான் நிற்கும். பின்னால் வைத்துக் கொம்பை அடித்தால் சேமிப்பில் க, அரவு, கொம்பு என்று தலைகீழாகப் போகிறது. பல மென்பொருள்களில் அதுவும் அச்சொட்டாக 'கொ' போலவே தெரியும், ஏனென்றால் கொம்பு எங்கே வந்தாலும் அதை இடப்பக்கம் கொண்டுபோய்விடுகின்றன. சிலவற்றில் மட்டும் புள்ளி வட்டம் ஒன்று எட்டிப்பார்க்கும். வட்டம் வந்தால் அதிர்ஷ்டம், பிழை என்றாவது தெரிகிறதே. இங்கே நீளம் 16.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். க மிஞ்சினால் நல்லது. கெ மிஞ்சினால் பிளந்தது. கா மிஞ்சினால் தலைகீழ். சில கைபேசிகள் முழு எழுத்தையும் ஒரே தட்டில் அழித்துவிடும், அங்கே இந்தச் சோதனை உதவாது. எக்செலில் என்றால் இந்த இரண்டும் போதும்:

```
=LEN(A2)
=UNICODE(MID(A2,2,1))
```

கொக்கட்டிச்சோலைக்கு இரண்டாவது சூத்திரம் 3018 தந்தால் ஒன்றான குறி, 3014 என்றால் பிளந்தது, 3006 என்றால் தலைகீழ்.

திருத்தும்போது பலர் விடுகிற தவறு, NFC என்ற சீராக்கத்தை ஓட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. NFC பிளந்ததை ஒட்டும், தலைகீழைத் தொடாது. யூனிகோடின் பார்வையில் அரவு, கொம்பு என்ற வரிசை ொ குறிக்குச் சமமே இல்லை. ஆகவே தலைகீழை நாமே முதலில் மாற்ற வேண்டும். தமிழில் அரவுக்கு அடுத்து நேராகக் கொம்பு வரவே வராது என்பதால் இந்த மாற்றம் நல்ல சொல் எதையும் கெடுக்காது:

```python
import unicodedata

def seer(s):
    s = s.replace("\u0BBE\u0BC6", "\u0BCA")
    s = s.replace("\u0BBE\u0BC7", "\u0BCB")
    return unicodedata.normalize("NFC", s)
```

இதைப் பட்டியலுக்கு மட்டும் செய்துவிட்டு, தேடல் பெட்டியில் அடிக்கிற சொல்லை அப்படியே விட்டால் பாதி வேலைதான். பட்டியல் சுத்தமாகிவிடும், ஆனால் இரண்டாமவர் தன் பழைய விசைப்பலகையில் தேடினால் அவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. முன்பு தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே வடிகட்டிக்குள்ளால் போக வேண்டும். ரைப் பண்ணுகிறவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: கொம்பு விடுபட்டால் செருகாதீர்கள், எழுத்தை முழுதாக அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

ஔகாரம் தனிக் கஷ்டம். மௌலவி, கௌரி, நௌபர் போன்ற சொற்களில் வருகிற ௌ குறியின் வலப்பக்கம் பார்ப்பதற்கு ள மாதிரியே இருக்கும். அதனால் கொம்பு, ம, ள என்று அடித்து 'மெளலவி' ஆக்கிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இது மேலே சொன்ன வகையே அல்ல. ள ஒரு முழு எழுத்து, U+0BB3. எந்தச் சீராக்கமும் இதைத் தொடாது, தொடவும் கூடாது. கொம்பெழுத்துக்குப் பின்னால் ள வருகிற இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ௌ ஆக்கினால் வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் உடையும். மீன் பெயர்ப் பட்டியல் என்றால் கெளுத்தியும் கெளிறும் சேர்ந்தே போகும். கொஞ்சம் நம்பக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு: அந்த ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள, விட்டுவிடுங்கள். ஒன்றுமில்லாமல் வெறும் ள-வாக நின்று அடுத்த எழுத்து தொடர்ந்தால், அநேகமாக அது ஔகாரம். ஊர்ப் பெயர்களில் இது அரிது. ஆட்பெயர்ப் பட்டியலில் வருகிறவற்றைத் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுவதே நல்லது.