சிட்ரிக் அமிலச் சுழற்சி எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்கு எதைக் கொடுக்கிறது? தேர்வுக்குப் படிப்படியாக

சிட்ரிக் அமிலச் சுழற்சியின் படத்தை எடுத்துப் பாருங்கள். எட்டு வினைகளில் ஒன்றில்கூட O₂ கிடையாது. ஆனாலும் செல்லுக்கு ஆக்சிஜன் வருவது நின்றால் சுழற்சியும் நின்றுவிடுகிறது. ஏன்? உயிரியல் தேர்வில் இந்தக் கேள்வி வெவ்வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும். சேர்மங்களின் பெயர்களை வரிசையாக உருப்போட்டவர்கள் திணறுவதும் இங்கேதான். எலக்ட்ரான் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் விடாமல் பின்தொடர்ந்தால் விடை தானாக வந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நான்கு இடங்களைக் குறியுங்கள்

தாளில் ஒரு வட்டம் வரையுங்கள். மேலே, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் தொகுதி (அசிட்டைல் கோ-ஏ கொண்டுவருவது) நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட்டுடன் சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட் ஆகிறது. மற்றதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிட்டு, ஹைட்ரஜன் பிடுங்கப்படும் இடங்களை மட்டும் குறியுங்கள். நான்குதான் இருக்கின்றன.

```
ஐசோசிட்ரேட் → ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்     NADH, CO₂
ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் → சக்சினைல் கோ-ஏ   NADH, CO₂
சக்சினேட் → ஃபியூமரேட்                       FADH₂
மாலேட் → ஆக்சலோ அசிட்டேட்                   NADH
```

இவை தவிர, சக்சினைல் கோ-ஏ சக்சினேட்டாக மாறும்போது ஒரு GTP (சில செல்களில் ATP) நேரடியாகக் கிடைக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு நேரடி வரவு அந்த ஒன்று மட்டுமே. மீதி ஆற்றல் முழுவதும் மேலே உள்ள நான்கு வரிகளில் அடங்கியிருக்கிறது.

வெளியேறும் CO₂-வைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் அல்ல. கரிம அமிலங்களில் ஏற்கெனவே இருந்ததும், இடையில் சேரும் நீரிலிருந்து வந்ததும்தான். மூச்சில் இழுத்தது வேறிடத்தில் செலவாகிறது. அங்கே பிறகு வருவோம்.

படி 2: எத்தனை எலக்ட்ரான் என்று எழுதுங்கள்

NADH என்ற பெயரைப் பார்த்ததும் ‘ஆற்றல் மூலக்கூறு’ என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். உள்ளே நடப்பது இதுதான்:

```
NAD⁺ + 2H → NADH + H⁺
FAD + 2H → FADH₂
```

ஒவ்வொரு முறையும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் பிடுங்கப்படுகின்றன. அவற்றோடு இரண்டு எலக்ட்ரான்கள் வருகின்றன. நான்கு இடங்கள், இடத்துக்கு ஒரு ஜோடி என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு எலக்ட்ரான்கள். இந்த எட்டைத் தாளின் ஓரத்தில் வட்டமிட்டு வையுங்கள். சுழற்சி சங்கிலிக்குக் கொடுப்பது இதைத்தான்.

மூன்று இடங்களில் NAD⁺, ஓரிடத்தில் மட்டும் FAD ஏன்? சக்சினேட்டில் ஹைட்ரஜன் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு உண்டாகும்படி பிடுங்கப்படுகிறது. அந்த வினையில் வெளிப்படும் ஆற்றல் NAD⁺-ஐ ஒடுக்கப் போதாது. FAD-ஐ ஒடுக்கப் போதும்.

படி 3: இடத்தை வரையுங்கள்

இப்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை இரண்டு இணைகோடுகளாக வரையுங்கள். கீழே மேட்ரிக்ஸ், மேலே சவ்விடைவெளி. உங்கள் வட்டம் மேட்ரிக்ஸில் இருக்கிறது. சவ்வில் நான்கு பெட்டிகள் போட்டு காம்ப்ளெக்ஸ் 1, 2, 3, 4 என்று எண் இடுங்கள்.

NADH மேட்ரிக்ஸில் மிதந்து போய் காம்ப்ளெக்ஸ் 1-இல் தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு NAD⁺ ஆகத் திரும்புகிறது. இதில் குழப்பம் இல்லை.

FADH₂-இல்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. அதுவும் NADH போலவே மிதந்து போய்ச் சேர்வதாக நிறையப் படங்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். உண்மையில் FAD எங்கும் போவதில்லை. சக்சினேட்டிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் நொதியான சக்சினேட் டீஹைட்ரோஜினேஸோடு அது பிணைந்தே இருக்கிறது. அந்த நொதி சவ்வில் பதிந்திருக்கிறது. அதன் இன்னொரு பெயர்தான் காம்ப்ளெக்ஸ் 2. சுழற்சியின் ஒரு வினையும் சங்கிலியின் ஒரு பெட்டியும் ஒரே நொதி! ஆகவே உங்கள் வட்டத்தைச் சவ்வைத் தொடும்படி திருத்தி வரையுங்கள். தொடும் இடத்தில் ‘சக்சினேட் → ஃபியூமரேட்’ என்று எழுதுங்கள். ‘சுழற்சிக்கும் சங்கிலிக்கும் உள்ள நேரடித் தொடர்பு எது?’ என்று கேட்டால் இதுதான் விடை.

படி 4: எலக்ட்ரானை இறக்கிவிடுங்கள்

காம்ப்ளெக்ஸ் 1, 2, 3, 4 என்று எண் வரிசையாக இருப்பதால் எலக்ட்ரான் 1-இலிருந்து 2-க்குப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 1-உம் 2-உம் இரண்டு தனித்தனி நுழைவாயில்கள். இரண்டும் யூபிகுவினோன் என்ற, சவ்வுக்குள்ளேயே நகரும் சிறு மூலக்கூறிடம் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. அது காம்ப்ளெக்ஸ் 3-க்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் காம்ப்ளெக்ஸ் 4-க்குக் கொண்டுபோகிறது. காம்ப்ளெக்ஸ் 4 எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுக்க, ஆக்சிஜன் H⁺-ஐயும் சேர்த்துக்கொண்டு நீராகிறது. மூச்சில் இழுத்த ஆக்சிஜன் செலவாவது இங்கேதான்.

எலக்ட்ரான் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு H⁺ அயனிகள் மேட்ரிக்ஸிலிருந்து சவ்விடைவெளிக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு ஜோடி எலக்ட்ரானுக்கு காம்ப்ளெக்ஸ் 1 நான்கும், 3 நான்கும், 4 இரண்டும் தள்ளுகின்றன. காம்ப்ளெக்ஸ் 2 ஒன்றையும் தள்ளுவதில்லை. வெளியே குவிந்த H⁺ அயனிகள் ATP சின்தேஸ் வழியாகத் திரும்பி உள்ளே பாயும்போது ATP உருவாகிறது. இந்த விளக்கத்தை 1961-இல் முன்வைத்தவர் பீட்டர் மிட்செல். 1978-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

படி 5: ஒரு சுற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

NADH கொடுக்கும் ஜோடி 1, 3, 4 மூன்றையும் கடப்பதால் 10 H⁺. FADH₂ கொடுக்கும் ஜோடி 3, 4 இரண்டை மட்டும் கடப்பதால் 6 H⁺. ஒரு ATP-ஐ உருவாக்கி வெளியே அனுப்ப ஏறத்தாழ 4 H⁺ செலவாகிறது என்று கொள்வது வழக்கம்.

```
3 NADH × 10   = 30 H⁺
1 FADH₂ × 6   =  6 H⁺
மொத்தம்        = 36 H⁺
36 ÷ 4        =  9 ATP
நேரடி GTP     =  1
ஒரு சுற்றுக்கு   = 10
```

ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு அசிட்டைல் கோ-ஏ என்பதால் சுழற்சி இருமுறை சுற்றி 20 கிடைக்கும். பழைய கணக்கில் NADH-க்கு 3, FADH₂-க்கு 2 என்று முழு எண்ணாக வைத்து, சுற்றுக்கு 12, குளுக்கோஸுக்கு 24 என்பார்கள். உங்கள் பாடநூல் 36 அல்லது 38 ATP என்று மொத்தம் காட்டினால் அது பழைய கணக்கு. 30 அல்லது 32 என்றால் புதியது. தேர்வில் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து.

ஆக்சிஜன் கணக்கையும் பாருங்கள். ஒரு O₂ மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். ஓரத்தில் வட்டமிட்ட எட்டுக்கு இரண்டு O₂ செலவாகிறது.

படி 6: திரும்பும் அம்பை மறக்காதீர்கள்

இதுவரை சுழற்சியிலிருந்து சங்கிலிக்குப் போகும் அம்புகளை மட்டும் வரைந்தோம். காம்ப்ளெக்ஸ் 1-இலிருந்து வட்டத்தை நோக்கி எதிர்த்திசையில் ஒரு அம்பு போட்டு ‘NAD⁺’ என்று எழுதுங்கள். கட்டட வேலையில் கலவைச் சட்டி கைமாறி மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். காலிச் சட்டி இறங்கி வராவிட்டால் கீழே கலவை எவ்வளவு குவிந்து கிடந்தாலும் வேலை நின்றுபோகும். மேட்ரிக்ஸில் இருக்கும் NAD⁺-உம் அளவோடுதான் இருக்கிறது. திரும்பத் திரும்ப அதையேதான் பயன்படுத்தியாக வேண்டும்.

முதல் கேள்விக்கு இப்போது விடை எழுதலாம். ஆக்சிஜன் இல்லையென்றால் காம்ப்ளெக்ஸ் 4 தன் எலக்ட்ரானை இறக்க முடியாது. அதனால் 3, யூபிகுவினோன், 1 எனப் பின்னோக்கி எல்லாம் நிரம்பி நிற்கும். NADH-ஐ வாங்க ஆளில்லை. NADH பெருகி NAD⁺ குறையும். டீஹைட்ரோஜினேஸ் நொதிகளுக்கு NAD⁺ கிடைக்காது. போதாததற்கு, பெருகிய NADH ஐசோசிட்ரேட், ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் இரண்டின் டீஹைட்ரோஜினேஸ்களையும் தடுக்கும். காம்ப்ளெக்ஸ் 2-உம் எலக்ட்ரானைக் கொடுக்க வழியின்றி நிற்கும். சுழற்சி நின்றது.

‘தசையில் லாக்டிக் அமில நொதித்தல் NAD⁺-ஐ மீட்டுத் தருகிறதே, அது போதாதா?’ என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அது சைட்டோபிளாசத்தில் நடப்பது. கிளைக்காலிசிஸுக்கு மட்டும் உதவும். NAD⁺-உம் NADH-உம் உட்சவ்வை அப்படியே கடந்துபோவதில்லை.

படி 7: ஒரு சோதனையில் பொருத்திப் பாருங்கள்

பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை ஒரு கலனில் வைத்து, பைருவேட், மாலேட், ADP, பாஸ்பேட் சேர்த்து, ஆக்சிஜன் குறையும் வேகத்தை அளக்கிறார்கள். ஆக்சிஜன் சீராகக் குறைகிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள்.

முதலில் ரோட்டினோன். டெரிஸ் வகைச் செடிகளின் வேரில் கிடைக்கும் இந்த நஞ்சு காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைக்கும். பைருவேட்டும் மாலேட்டும் தருவது பெரும்பாலும் NADH. அதற்கு வாயில் மூடிவிட்டது. ஆக்சிஜன் குறைவது ஏறக்குறைய நின்றுவிடும்.

அடுத்து சக்சினேட். ஆக்சிஜன் மறுபடி குறையத் தொடங்கும், ஏனென்றால் காம்ப்ளெக்ஸ் 2 திறந்தே இருக்கிறது. ஆனால் ஜோடிக்கு 6 H⁺ மட்டுமே. ஆகவே செலவாகும் அதே ஆக்சிஜனுக்கு ATP குறைவு. முழுச் சுழற்சியும் ஓடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபியூமரேட், மாலேட் வரை வந்து, மாலேட்டுக்கு NAD⁺ இல்லாமல் தேங்கும்.

பிறகு மாலோனேட். இதன் வடிவம் சக்சினேட்டைப் போல இருப்பதால் நொதியில் சக்சினேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் செலவு மறுபடி விழும். சக்சினேட்டை மேலும் மேலும் சேர்த்தால் ஓரளவு மீளும்; போட்டித் தடுப்புக்கு அதுவே அடையாளம். ஹான்ஸ் கிரப்ஸ் 1937-இல் ஷெஃபீல்டில் புறாவின் மார்புத் தசையை வைத்துச் சோதித்தபோதும் மாலோனேட் பெரிதும் உதவியது. தடுப்புக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் ஃபியூமரேட்டைச் சேர்த்தும் சக்சினேட் குவிந்தது. தடுத்த வினை பின்னோக்கி ஓட முடியாது என்றால், ஃபியூமரேட் மறுபக்கமாக முழுச் சுற்றும் சுற்றித்தான் அங்கே வந்திருக்க வேண்டும்.

மாலோனேட்டுக்குப் பதில் சயனைடைச் சேர்த்திருந்தால் அடைபடுவது காம்ப்ளெக்ஸ் 4. சக்சினேட்டை எவ்வளவு சேர்த்தாலும் பயனில்லை. இரண்டு வாயில்களும் அந்த ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

கடைசியாக, புதிதாக எடுத்த இன்னொரு கலனில் டைநைட்ரோபீனால். இது எதையும் அடைப்பதில்லை. H⁺ அயனிகளைச் சவ்வின் வழியாக உள்ளே கசிய விடுகிறது. ATP உற்பத்தி விழும், ஆக்சிஜன் செலவோ கூடும். சுழற்சி என்ன ஆகும் என்று கேட்டால், ‘ATP இல்லாததால் நிற்கும்’ என்று பலர் எழுதுவார்கள். சரியான விடை ‘வேகமாகும்’. தள்ளுவதற்கு எதிர்ப்பு இல்லாததால் சங்கிலி விரைந்து ஓடுகிறது, NAD⁺ விரைந்து திரும்புகிறது, வட்டமும் விரைந்து சுற்றுகிறது. ATP ஆகியிருக்க வேண்டிய ஆற்றல் வெப்பமாகப் போகிறது.