நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஹைபிரிட் கார்: விலை வித்தியாசத்தை லிட்டரில் கணக்கிடுங்கள்

ஹைபிரிட் கார் எரிபொருளை மிச்சப்படுத்துவதன் முக்கியக் காரணங்களில் ஒன்று, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேமித்து, மீண்டும் வண்டி நகரும்போது அதைப் பயன்படுத்துவது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. காற்றின் எதிர்ப்பை வெல்ல இன்ஜினே தொடர்ந்து உழைக்க வேண்டியிருப்பதால், நகரத்தில் கிடைக்கும் மிச்சம் அங்கே வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே, ஹைபிரிட் காருக்கும் அதற்கு இணையான பெட்ரோல் காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு பெட்ரோல் கார் லிட்டருக்கு 16, ஹைபிரிட் 20 கிலோமீட்டர் தந்தால், ஆண்டு மிச்சம் சுமார் 310 லிட்டர். போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் ஆகும். அதே தூரத்தை நெரிசலான நகரத்தில் ஓட்டி, அங்கே முறையே 11, 22 கிலோமீட்டர் கிடைத்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் கணக்கு நேராகிவிடும்.

இந்தக் கணக்கில் நிறுவனம் அறிவிக்கும் மைலேஜைப் போடாதீர்கள். அது நகர ஓட்டத்தையும் கலந்து அளந்ததாக இருக்கலாம். முடிந்தால் டேங்க்கை நிரப்பி, உங்கள் வழக்கமான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டி, மீண்டும் நிரப்பி அளந்துகொள்ளுங்கள். காரை ஐந்து ஆண்டுகளில் விற்றுவிடுபவர்கள், மறுவிற்பனையில் ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதையும் விசாரிப்பது அவசியம். பயணத்தில் சுங்கச்சாவடி வரிசையும் ஊர் நெரிசலும் கணிசமாக இருந்தால் மட்டுமே நான் ஹைபிரிட்டைப் பரிந்துரைப்பேன்.