ஆஃபர் லெட்டரில் 7,20,000. கையில் 44,650: எங்கே போகிறது மீதி?

வேலை கிடைத்ததும் ஆஃபர் லெட்டரைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். கொட்டை எழுத்தில் இருக்கும் சிடிசி தொகையைப் பார்த்து யாராவது உடனே பன்னிரண்டால் வகுப்பார். 7,20,000 என்றால் மாதம் 60,000. அந்த அறுபதாயிரத்தை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள், பைக்குக்கு இஎம்ஐ போடுவார்கள். முதல் மாதச் சம்பளம் 44,650 என்று வந்து விழும்போது, ஹெச்.ஆர். ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் கணக்கு முழுவதும் அதே கடிதத்தின் பின்னால் உள்ள அனெக்ஷரில் இருக்கும். போட்டோவில் அந்தப் பக்கம்தான் விட்டுப்போயிருக்கும்.

சிடிசி என்பது உங்கள் சம்பளம் அல்ல. உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் எல்லா வகையிலும் ஒதுக்கும் செலவு அது. சென்னையில் ஒரு வேலைக்கு வரக்கூடிய 7,20,000 சிடிசியை மாதக் கணக்காகப் பிரித்துப் பார்ப்போம்:

பேசிக் – 30,000
எச்.ஆர்.ஏ. – 12,000
ஸ்பெஷல் அலவன்ஸ் – 6,250
நிறுவனம் கட்டும் பி.எஃப். – 3,600
கிராஜுவிட்டி – 1,443
குரூப் இன்சூரன்ஸ் பிரீமியம் – 707
வேரியபிள் பே – 6,000

கூட்டினால் சரியாக 60,000. ஆனால் மேலே உள்ள மூன்று வரிகள் மட்டும்தான் மாதாமாதம் சம்பளமாகப் போடப்படும். அதன் கூட்டுத்தொகை 48,250. கிராஸ் என்பது இதுதான். கீழே உள்ள நான்கு வரிகளில் 11,750 ரூபாய் நிற்கிறது.

அதிகம் குழப்புவது பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம் நிறுவனம் கட்டுகிறது, 12 சதவீதம் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. நிறுவனத்தின் பங்கு தனியாக, சம்பளத்துக்கு மேலாக வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். சிடிசிக்குள் அந்த வரி இருந்தால் அப்படி இல்லை. சொன்ன தொகைக்குள்ளிருந்தே அதுவும் போகிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் பி.எஃப். என்ற பெயரில் மாதம் 3,600 அல்ல, 7,200 கையில் வராமல் போகிறது. அந்தப் பணம் தொலைந்துபோகாது, உங்கள் கணக்கில்தான் சேரும். ஆனால் மாத வாடகைக்கு அது உதவாது. கிராஸில் உங்கள் பங்கு 3,600 போக மிஞ்சுவதுதான் அந்த 44,650.

இங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. பி.எஃப். கட்டாயக் கணக்கின் உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய் சம்பளம். அதில் 12 சதவீதம் 1,800. சில நிறுவனங்கள் முழு பேசிக்குக்கும் பிடிக்கும், சில 1,800-உடன் நிறுத்திக்கொள்ளும், சில உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். இதே சிடிசியில் 1,800 என்று வைத்து, நிறுவனத்தின் பங்கில் மிஞ்சும் 1,800-ஐ ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்த்தால், கையில் வருவது 48,250 ஆகிவிடும். சிடிசி ஒரு ரூபாய்கூட மாறாமல் மாதம் 3,600 வித்தியாசம். சேமிப்பிலும் அதே அளவு குறையும் என்பதை மறக்கக் கூடாது. வேறு சேமிப்புப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முழு பி.எஃப். பிடிப்பதே நல்லது.

கிராஜுவிட்டி வேறு மாதிரி. பேசிக்கில் 4.81 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடச் சேவைக்கான தொகை வரும்: 30,000-க்கு 17,308 ரூபாய். நிரந்தரப் பணியாளர் ஒருவர் பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகே இது கிடைக்கும். இறப்பு, உடல் ஊனம் ஆகியவற்றுக்கு இந்த நிபந்தனை இல்லை. இரண்டே வருடத்தில் வேறு வேலைக்குப் போகிறவருக்கு இந்த வரியில் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் இரண்டு வருடமும் அது அவருடைய சிடிசியில் எண்ணப்பட்டிருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் மாறும் எண்ணம் இருந்தால், ஆஃபரை எடைபோடும்போது இந்த வரியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேரியபிள் பே-யைத்தான் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும். அனெக்ஷரில் மாதக் கட்டத்தில் 6,000 என்று எழுதியிருந்தாலும் அது மாதம் வருவதில்லை. காலாண்டுக்கு ஒரு முறையோ வருடக் கடைசியிலோ, உங்கள் ரேட்டிங்கையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்துத் தருவார்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக்குறி இருக்கும். அதன் விளக்கம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். போட்டோவில் முதலில் மங்கிப்போவதும் வெட்டுப்படுவதும் அந்த அடிவரிதான். பணம் கொடுக்கும் தேதியில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும், நோட்டீஸ் பீரியடில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதனால் போட்டோவை வைத்து முடிவெடுக்காமல், அனெக்ஷர் உட்பட முழு பிடிஎஃப்-ஐ வாங்கிப் படியுங்கள். ஜாயினிங் போனஸை முதல் வருடச் சிடிசியில் சேர்த்திருந்தால், இரண்டாம் வருடத்தில் அந்தத் தொகை இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கலாம்.

சம்பளம் குறைந்தால் முதலில் வருமான வரியைத்தான் சந்தேகிப்பார்கள். இந்தச் சம்பளத்துக்கு அது சரியல்ல. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், 75,000 ரூபாய் நிலையான கழிவைச் சேர்த்தால், 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. தவறு நடப்பது வேலையில் சேரும் நாளில், படிவத்தில் பழைய வரிமுறையை டிக் செய்யும்போது. வேரியபிள் முழுவதும் வருவதாக வைத்தால் இவருடைய வருட வருமானம் 6,51,000. பி.எஃப். கழிவு மட்டும் காட்டி, வாடகை ரசீதோ வேறு கழிவோ தராமல் விட்டால், பழைய முறையில் வருடத்துக்கு 24,000-க்கு மேல் வரி வந்துவிடும்.

தொழில் வரி சிறிய தொகை, ஆனால் திடீரென்று வரும். சென்னையில் இந்தச் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். பல நிறுவனங்கள் இதை மொத்தமாகப் பிடிப்பதால், அந்த மாதம் 43,400 மட்டும் வரும். சம்பளம் குறைந்துவிட்டது என்று பயப்படாமல், பே ஸ்லிப்பில் அந்த வரியைத் தேடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்.ஆருக்கு ஒரு சின்ன மெயில் போதும்: “பிடித்தங்கள் போக மாதம் என் அக்கவுண்டில் எவ்வளவு கிரெடிட் ஆகும்? பி.எஃப். முழு பேசிக்குக்கா, 1,800-க்கா? வேரியபிள் எப்போது, எந்த நிபந்தனையில்?” பதிலை மெயிலிலேயே வாங்குங்கள், போனில் சொன்னால் பின்னால் பேச முடியாது. இன்னொரு கம்பெனி 6,60,000 கொடுக்கிறது, வேரியபிள் இல்லை, பி.எஃப். 1,800 என்றால், இதே கேள்விகளை அங்கேயும் கேட்டு இரண்டு பதில்களையும் பக்கத்தில் வையுங்கள். கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸும் இதே அளவு என்று வைத்தால், அங்கே மாதம் கையில் வருவது 49,250. சிடிசியில் 60,000 குறைவான ஆஃபரில் மாதம் 4,600 அதிகம் வருகிறது.