புக்கிங் பாட்ல ஆளுங்க எங்க கழண்டுக்கிறாங்கன்னு எண்ணும்போது பண்ணக்கூடாத தப்புங்க

நம்ம மொரீஷியஸ்ல கட்டமரான் ட்ரிப், வேன், கெஸ்ட் ஹவுஸ்னு நிறைய சின்ன ஆபீஸும் வெப்சைட்ல ஒரு சாட்பாட் போட்டுட்டாங்க, கேட்டா "நிறைய பேர் பேசுறாங்க ஆனா புக்கிங் வரமாட்டேங்குது"ன்னுதான் சொல்றாங்க. எங்க விட்டுட்டுப் போறாங்கன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு படியையும் எத்தன பேர் முடிச்சாங்கன்னு எண்ணினா போதும், ஆனா எண்ற விதம் தப்பா இருந்தா நல்லா ஓடுற படியப் போய் மாத்திட்டு உடைஞ்சிருக்கிற படிய அப்படியே விட்டுடுவீங்க.

ஒரு உதாரணம் வெச்சு முழுசா பார்த்துடலாம். ட்ரூ டோ டூஸ்ல இருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்கு கட்டமரான் விடுற ஒரு ஆபீஸ்னு வெச்சுக்குவோம் (நம்பரெல்லாம் கணக்குப் புரியுறதுக்காக நான் போட்டது). பாட் ஆறு விஷயம் கேக்குது: எந்த நாள், எத்தன பேர், இதுதான் விலை சரியா, பேரு, போன் நம்பர், கடைசியா அட்வான்ஸ்.

முதல் தப்பு இங்கேயே நடக்கும். பதில் வந்தப்போ மட்டும் லாக்ல எழுதி வெச்சிருப்பாங்க. அப்போ ஒருத்தர் பேரக் குடுத்துட்டு போன் நம்பர் கேக்கவும் போயிட்டாருன்னா, லாக்ல கடைசியா இருக்கிறது பேரு, பாக்குறவங்க "பேரு கேட்டதும் ஓடிடுறாங்க"ன்னு முடிவு பண்ணி பேரு கேக்குறதத் தூக்கிடுவாங்க. அவர ஓட வெச்சது அடுத்த கேள்வி. அதனால ஒவ்வொரு படிக்கும் ரெண்டு விஷயம் எழுதணும், கேள்வி ஸ்க்ரீன்ல வந்துச்சா (`asked`), ஒத்துக்கிற மாதிரி பதில் வந்துச்சா (`ok`). மூணாவதா, பதில் வந்து பாட் அத வேணாம்னு திருப்பிச்சுன்னா அது `bad`. இந்த மூணாவதுதான் பின்னாடி ரொம்ப உதவும்.

ரெண்டாவது தப்பு, மெசேஜ எண்றது. போன் நம்பர் படியில 126 பேர் வந்தாங்க, அதுல பல பேர் ரெண்டு தடவ மூணு தடவ நம்பர் போட்டுப் பாத்தாங்கன்னா மெசேஜ் 177 வரும், ரிப்போர்ட்ல பாத்தா அந்தப் படிதான் நல்லா ஓடுது, ஆளுங்க ஆர்வமா பதில் போடுறாங்கன்னு தெரியும். உண்மையில அது அவங்க முட்டி மோதிக்கிட்டு இருந்த இடம். ஒரு உரையாடல ஒரு படியில ஒரே ஒரு தடவதான் எண்ணணும்:

```sql
SELECT step,
  COUNT(DISTINCT CASE WHEN event='asked' THEN conv_id END) AS asked,
  COUNT(DISTINCT CASE WHEN event='ok' THEN conv_id END) AS ok
FROM log
GROUP BY step;
```

இன்னொன்னு, யார "ஆரம்பிச்சவங்க"ன்னு எண்றீங்க? நிறைய சைட்ல பாட் பெட்டி தானா திறந்துக்கும், "எந்த நாள் வேணும்"னு கேள்வியும் தானா வந்துடும், அது 400 தடவ திறந்துச்சுன்னு `asked` 400 ஆகிடும். அதுல 110 பேர் ஒரு எழுத்துகூட தட்டல, போட்டோ பாத்துட்டுப் போனவங்க. அவங்களயும் சேத்தா முதல் கேள்விதான் படு மோசம்னு தோணும், அதத் திருத்துறதுலயே மாசக்கணக்கா போயிடும். முதல் மெசேஜ் போட்டவங்க, இல்ல ஒரு பட்டன் தொட்டவங்க, அவங்கள மட்டும் எடுத்துக்குங்க. எடுத்ததும் இப்படி வருது:

```
step     asked    ok
day        290   260
people     260   247
price      247   130
name       130   126
phone      126    82
deposit     82    64
```

இப்ப எத மாத்தணும்? பெரும்பாலும் விலைதான்னு சொல்லுவாங்க, 117 பேர் அங்க போயிட்டாங்க, வேற எங்கயும் அவ்வளவு பேர் போகல. இது மூணாவது தப்பு, எங்க நிறைய தலை குறையுதோ அங்கதான் கோளாறுன்னு எடுத்துக்கிறது. விலை கேக்கவே வந்தவங்க இருக்காங்க, ஹோட்டல் டெஸ்க்ல சொன்ன விலையோட ஒப்பிட்டுப் பாக்குறவங்க இருக்காங்க, அவங்க விலையப் பாத்துட்டுப் போறது இயல்பு. அந்த 117 பேர்ல சிலர் "ஆளோட பேசணும்" பட்டன அமுக்கி ஆபீஸ்ல போன்ல புக் பண்ணிருப்பாங்க, அவங்க விட்டுட்டுப் போனவங்களே கிடையாது, தனியா ஒரு `handoff` எழுதலன்னா அவங்களும் இழப்புக் கணக்குலதான் விழுவாங்க. விலைய இன்னும் பின்னாடி தள்ளி ஒளிச்சு வெச்சா அந்தப் படி நல்லாயிட்ட மாதிரி தெரியும், இறக்கம் வேற படிக்கு நகரும், கடைசி எண்ணிக்கை அசையாது, பேரும் நம்பரும் குடுத்த பிறகு விலையப் பாத்தவங்களுக்கு கோவமும் வரும். என்னைக் கேட்டா விலைய இன்னும் முன்னாடி கொண்டு வரலாம், பின்னாடி மட்டும் தள்ளக்கூடாது.

போன் நம்பர் படியப் பாருங்க. நாள் சொல்லி, ஆள் எண்ணிக்கை சொல்லி, விலைக்கும் சரின்னு தட்டி, பேரும் குடுத்தவங்க 126 பேர். வரணும்னு முடிவே பண்ணினவங்க. அதுல 44 பேர், நூத்துக்கு 35 பேர், நம்பர் கேட்ட இடத்துல போயிட்டாங்க. இவ்வளவு தூரம் வந்தவங்க திரும்பிப் போறாங்கன்னா அங்க ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம்.

ஏன்னு எண்ணிக்கை சொல்லாது, அதுக்கு அந்த 44 உரையாடலையும் திறந்து கடைசி நாலஞ்சு வரிய உக்காந்து படிக்கணும், அரை மணி நேர வேலைதான், ஆனா யாரும் பண்ண மாட்டாங்க. நேரா "போன் நம்பர் குடுக்க ஜனங்களுக்குப் பயம், எடுத்துடுவோம்"னு மீட்டிங்ல முடிவாயிடும். படிச்சுப் பாத்தா 31 பேருக்கு `bad` விழுந்திருக்கு. ஒருத்தர் 0692ல ஆரம்பிச்சு பத்து எண் போட்டிருக்காரு, பாட் "சரியான நம்பர் போடுங்க"ன்னு சொல்லுது, அவர் இடைவெளி எடுத்துட்டு மறுபடி அதே நம்பரப் போடுறாரு, பாட் அதே வரி, கடைசியா பிரெஞ்சுல "இது ரீயூனியன் நம்பர்"னு எழுதுறாரு, அதுக்கும் பாட் "சரியான நம்பர் போடுங்க". போயிட்டாரு.

காரணம் இப்ப வெளிச்சமா தெரியுது. நம்ம ஊர் மொபைல் நம்பர் பெரும்பாலும் 5ல ஆரம்பிச்சு எட்டு எண், பாட்ல அந்த விதியத்தான் எழுதி வெச்சிருக்காங்க. ரீயூனியன் மொபைல் 0692, 0693ன்னு பத்து எண் வரும், பிரான்ஸ்ல இருந்து வர்றவங்க 06, 07ல ஆரம்பிப்பாங்க, டர்பன்ல இருந்து வர்றவங்க +27 போடுவாங்க. கட்டமரான் ஏற வர்றதே பாதிக்கு மேல வெளியூர்க்காரங்களா இருக்கும்போது கதவுலயே அவங்களத் திருப்பி அனுப்பிருக்கு. ஆபீஸ்ல உள்ளவங்க டெஸ்ட் பண்ணினப்போ எல்லாரும் அவங்கவங்க நம்பரப் போட்டுப் பாத்திருப்பாங்க, அதான் தெரியல.

நம்பரே கேக்காம விடவும் முடியாது, கடல் கொந்தளிப்பா இருந்து படகு போகலன்னா காலையிலயே கூப்ட்டு சொல்லணும். அதனால எடுத்துக்க வேண்டிய மாற்றம் இதுதான்: எந்த நாட்டு நம்பரையும் ஏத்துக்கணும் (இதுக்கு கூகுளோட `libphonenumber` இலவசமா இருக்கு, விதிய நாமளே எழுத வேண்டியதில்ல), ஒரு தடவ புரியலன்னா நாடு எதுன்னு பட்டன் குடுத்துக் கேக்கணும், ரெண்டாவது தடவையும் புரியலன்னா போட்டத அப்படியே வாங்கிக்கிட்டு மேல போயிடணும், ஆபீஸ்ல ஒருத்தர் பாத்துக்கலாம். கேள்வியிலயே "கடல் சரியில்லன்னா கூப்ட்டு சொல்றதுக்கு"ன்னு ஒரு வரி சேத்தா, `bad` எதுவும் இல்லாம சத்தமே போடாமப் போன மிச்சம் 13 பேர்லயும் சிலர் நிப்பாங்க. ஆனா இந்த வரியயும் விதியயும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது, முதல்ல விதி.

மாத்துன பிறகு நடக்கிற தப்புங்க இன்னும் மோசம். முந்தாநாள் மாத்திட்டு இன்னைக்கே எண்ணுவாங்க, ஆனா அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி வீட்ல கேட்டுட்டு மறுநாள் வந்து முடிக்கிறவங்க நிறைய, அவங்களும் இன்னைக்கு விட்டவங்க கணக்குலதான் இருப்பாங்க. ஆரம்பிச்சு மூணு நாளாவது ஆன உரையாடல மட்டும் எண்ணுங்க, மாத்துறதுக்கு முன்னாடி உள்ள கணக்குக்கும் அதே மூணு நாள். எந்த வாரத்தோட எந்த வாரத்த ஒப்பிடுறோம்னும் பாக்கணும், டிசம்பர் நடுவுல ரீயூனியன் ஸ்கூல் லீவு விட்டுட்டா அங்கிருந்து வர்றவங்க கூடுவாங்க, தைப்பூசக் காவடிக்கு முன்னாடி பத்து நாள் நம்ம ஆளுங்க விரதத்துல இருப்பாங்க, கட்டமரான்ல மீனும் கோழியும் சுட்டுத் தர்ற ட்ரிப்ப அப்ப யாரு புக் பண்ணப் போறாங்க, அந்த இறக்கத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, விதிய மாத்தி இன்னொரு மாசம் எண்ணியாச்சு. 275 பேர் ஆரம்பிச்சாங்க, போன் படிக்கு 118 பேர் வந்து 106 பேர் தாண்டிட்டாங்க, 65 சதவீதம் இருந்தது 90 ஆகிடுச்சு. இது தற்செயலா இருக்குமான்னு பாக்க ஒரு கச்சாக் கணக்கு இருக்கு, 100ஐ ஆள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுங்க, வர்றது எத்தன புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடலாம்னு சொல்லும். 126 பேருக்கு சுமார் 9, 118 பேருக்கும் சுமார் 9, ரெண்டும் சேந்தாலும் 18, நமக்கு ஏறினது 25. அதனால படி நிஜமாவே சரியாகிடுச்சு.

ஆனா கடைசி வரைக்கும் வந்தவங்க? முன்ன 290ல 64, இப்ப 275ல 71, அதாவது 22 சதவீதம் 26 ஆச்சு. அங்க ஆட்டமே ரெண்டு பக்கமும் ஆறு ஆறு புள்ளி. நாலு புள்ளி ஏறினத வெச்சு "புக்கிங் கூடிடுச்சு"ன்னு முதலாளிகிட்ட சொல்லக்கூடாது, இன்னும் ரெண்டு மாசம் எண்ணிட்டுதான் சொல்லணும். போன் படிய மட்டும் பாத்துட்டு நிறுத்துறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஏன் அவ்வளவா ஏறலன்னா, அட்வான்ஸ் படி 78 சதவீதத்துல இருந்து 67க்கு இறங்கிருக்கு. 106 பேர்ல 35 பேர் அங்க நின்னுட்டாங்க. எண்ணிக்கைய மட்டும் வெச்சா இதுவும் ஆட்டத்துக்குள்ள அடங்குறதுதான், ஆனா அந்த 35 உரையாடலப் படிச்சா பாதிக்கு மேல ரீயூனியன், பிரான்ஸ்ல இருந்து வர்ற +262, +33 நம்பர்காரங்க, பாட் அட்வான்ஸ் கட்ட குடுக்கிறது உள்ளூர் பாங்க் ஆப் ஒண்ணு மட்டும்தான், அவங்ககிட்ட அது எப்படி இருக்கும், "கார்ட்ல கட்டலாமா"ன்னு கேக்குறாங்க, பாட்டுக்கு அதுக்குப் பதில் தெரியல. முன்ன இவங்க போன் படியிலயே திரும்பிப் போனதால இந்தத் தடை யார் கண்ணுக்கும் படல. அடுத்து மாத்த வேண்டியது அட்வான்ஸ் படிதான், கார்ட்ல கட்டுற லிங்க் ஒண்ணு சேக்கணும், போன் கேள்வியில சேக்கலாம்னு வெச்சிருந்த அந்த ஒரு வரி அது முடியுற வரைக்கும் காத்திருக்கட்டும்.