பதற்றத்தில் "நல்லா மூச்சை இழு" என்று சொல்லலாமா?

பதறிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் "நல்லா மூச்சை இழுத்து விடு" என்கிறோம். அவரும் நெஞ்சு நிமிர இழுத்து, சட்டென்று விட்டு, மறுபடி இழுக்கிறார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரமரக்கின்றன. பயம் இன்னும் ஏறுகிறது.

உடலை அமைதிப்படுத்துவதில் மூச்சை விடும் பகுதிக்குத்தான் வேலை அதிகம். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். 1847-லேயே ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் இதைப் பதிவு செய்தார். மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புதான் துடிப்பின் கடிவாளம். இழுக்கும்போது அது தளர்கிறது. விடும்போது நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, துடிப்பை மட்டுப்படுத்துகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சை விட்டால், இளவயதினருக்கு இது விரலிலேயே தெரியும். வயது ஏற ஏற வித்தியாசம் குறையும்.

அப்படியானால் பெரிதாக இழுப்பதில் என்ன தவறு? கணக்குப் பார்த்தால் புரியும். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு சுமார் அரை லிட்டர், நிமிடத்துக்கு 14 மூச்சு என்றால் 7 லிட்டர் காற்று. அதை நிமிடத்துக்கு 6 மூச்சாகக் குறைத்தால், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் இருந்தாலே போதும். நெஞ்சு முட்ட இரண்டரை லிட்டர் இழுத்தால் 15 லிட்டர் ஆகிவிடும். உடலில் உருவாவதைவிட அதிகமாக கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ரத்தத்தில் அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலைசுற்றல் அதனால்தான். ரத்தத்தின் காரத்தன்மையும் கூடுவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படும், மரமரப்பு அதனால். ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பதுதான் மிக மோசமான தவறு.

அடுத்தது, வயிற்றை இறுக்கிக் கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்து வெளியேற்றுவது. சாதாரணமாக மூச்சை விட தசை முயற்சியே வேண்டாம். உதரவிதானம் தளரும், விரிந்த நுரையீரல் தானே சுருங்கும். அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் போதும்: மூக்கால் மென்மையாக 4 எண்ணும்வரை இழுங்கள், உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால், நிமிடத்துக்கு 6 மூச்சு. அடுத்த மூச்சு 'ஹக்' என்று திணறலோடு வந்தால், நீங்கள் அளவு மீறி நீட்டுகிறீர்கள். 3-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். விகிதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மூச்சு மெதுவாவதே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகள் பதற்ற நேரத்துக்கு உரியவை அல்ல. நெஞ்சுவலியோ, இளைப்போ, புதிதாக வந்த மூச்சுத்திணறலோ இருந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.